'கட்' சொன்ன பிறகு

எங்கள் டைரக்டருக்கு ஆபீஸில் எல்லோரும் வைத்திருக்கும் பெயர் கர்ச்சீப். ஒரு காட்சி நன்றாக வந்திருக்கிறதா என்று அவர் கேட்கவே மாட்டார். "எத்தனை கர்ச்சீப் நனையும்?" என்றுதான் கேட்பார். மாமியார் சண்டைக்கு ஒன்று, குழந்தை காணாமல் போனால் இரண்டு, ஆஸ்பத்திரி வராந்தா என்றால் மூன்று. பதினோரு வருடமாகத் தொடர் எடுத்து வீடு வீடாக அழவைத்த மனிதர். அவர் வீட்டில் யாரும் அவர் தொடரைப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

நான் அவரிடம் எடிட்டிங் செய்கிறேன். அவர் எடுத்துக் குவிக்கும் மூன்று மணி நேரத்தை வெட்டி ஒட்டி இருபத்திரண்டு நிமிடக் கண்ணீராக்கி அனுப்புவது ஆறு வருடமாக என் பிழைப்பு. ஆனால் திரையில் 'படத்தொகுப்பு' என்று வரும் பெயர் என்னுடையது இல்லை, பெரிய எடிட்டருடையது. அவர் மாதம் ஒருமுறை வருவார், ஏசியைக் கூட்டச் சொல்வார், "நல்லா இருக்கு, கொஞ்சம் டைட் பண்ணு" என்பார், போய்விடுவார். என் பெயர் கடைசியில் உதவியாளர்கள் கூட்டத்தோடு எறும்பு அளவில் ஓடும்.

ஒருமுறை வாய்விட்டுக் கேட்டேன், என் பெயரைத் தனியாகப் போடக்கூடாதா என்று. பெரிய எடிட்டர் சிரித்துக்கொண்டே, "முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட மாதிரி இருக்கே" என்றார். சொன்ன பிறகுதான் என் சக்கர நாற்காலி அவர் கண்ணில் பட்டது. "உன்னச் சொல்லலம்மா, பொதுவாச் சொன்னேன்" என்றார். பொதுவாகச் சொன்னதெல்லாம் யார் தலையில் வந்து விழும் என்று அவருக்குத் தெரியாதா என்ன.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு மாடிப்படி, அதில் கொஞ்சம் ஈரம். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. 'ஐயோ' என்று சொல்ல விரும்புகிறவர்கள் இப்போதே சொல்லி முடித்துவிடுங்கள், எனக்குக் கதையைச் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் டைரக்டர் என் அறைக்கு வந்தார். அவரே வந்தார் என்றால் சோழியன் குடுமி சும்மா ஆடாது.

"சிஸ்டர், ஒரு டெலிஃபிலிம் பண்றோம். ஒன்றரை மணி நேரம். ஹீரோயின் வீல்சேர்ல இருக்கா. சேனல் இத விருதுக்கு அனுப்பப் போகுது. எடிட்டிங் நீங்கதான். டைட்டில் கார்டுல உங்க பேரு மட்டும். தனியா."

தனியா என்ற சொல்லை அவர் இழுத்துச் சொன்னார். எனக்கு வாயில் எச்சில் ஊறியது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த ஒரு கார்டுக்காக நான் எதையும் வெட்டியிருப்பேன்.

அன்று மாலையே திரைக்கதையைப் படித்தேன். ஒரு பெண். கல்யாணம் நிச்சயமாகிறது. விபத்து. சக்கர நாற்காலி. மாப்பிள்ளை கைவிடுகிறான். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்க்கிறாள். மாப்பிள்ளை மனம் திருந்தி ஓடி வருகிறான். வரும்போது தடுக்கி விழப் போகிறான். அவனைப் பிடிக்க அவள் எழுந்து நிற்கிறாள். சுபம்.

தொண்ணூற்று நான்கு பக்கத்தில் கதாநாயகி தானாக எடுக்கும் முடிவுகளை எண்ணினேன். ஒன்றே ஒன்று, செத்துப்போகலாம் என்பது. அதையும் அவள் அம்மா வந்து தடுத்துவிடுகிறாள்.

"சார், விபத்துக்கு முன்னாடி இவ என்ன வேலை பாத்தா?" என்று கேட்டேன்.

"டிராயிங் டீச்சர்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன சிஸ்டர், வீல்சேர்."

"கையாலதான சார் வரைவா?"

"நீங்க லாஜிக் பாக்கறீங்க. நான் எமோஷன் பாக்கறேன்" என்றார்.

"சரி சார், முதுகுத்தண்டுல அடிபட்டவ எப்படி எந்திரிச்சு நிப்பா?"

"அன்பு, சிஸ்டர். அன்பால முடியாதது உண்டா?"

என் வீட்டுக்காரர் பதினான்கு வருடமாக என்னிடம் அன்பாகத்தான் இருக்கிறார். நான் இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறேன். ஒருவேளை அவர் அன்பில் கலப்படம் இருக்கலாம்.

வீட்டில் போய்ச் சொன்னபோது அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அன்று அவர் முறை. அவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். நம் டைரக்டரின் பரம ரசிகர். நான் வெட்டிய அழுகைக் காட்சிகளையே பார்த்து மூக்கைச் சிந்துவார். கதையைக் கேட்டதும், "நல்லாத்தான இருக்கு? கடைசில எந்திரிக்கறா பாரு, அங்க எனக்கு அழுகை வந்துரும்" என்றார்.

"நான் எந்திரிக்கலன்னு உங்களுக்கு வருத்தமா?"

"நீ உக்காந்துக்கிட்டே இந்தப் பாடு படுத்தற. எந்திரிச்சா நான் எங்க போவேன்?" என்று சொல்லிக்கொண்டே ஒரு தட்டைக் கழுவாமல் கழுவினதாகக் கவிழ்த்தார். எடுத்து மறுபடி தொட்டியில் போட்டேன். எங்கள் இல்லறம் இப்படித்தான் ஓடுகிறது. இதை எந்த டைரக்டரும் எடுக்கமாட்டார், ஒரு கர்ச்சீப்பின் நுனிகூட நனையாது.

ஷூட்டிங் கீழ்த்தளத்தில், என் அறை முதல் மாடியில். நடுவில் லிஃப்ட். முதல் நாள் வாடகைக்கு ஒரு ஆஸ்பத்திரி நாற்காலி வந்தது. அகலமாக, கனமாக, நோயாளியை ஒருவர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போவதற்கென்றே செய்தது. நடிகை ஒல்லியான பெண், அதில் உட்கார்ந்தால் கைப்பிடி தாண்டிச் சக்கர வளையம் எட்டவில்லை. அது கிறீச்சிட்டதில் வசனமும் கேட்கவில்லை. அப்போதுதான், வேடிக்கை பார்க்கக் கீழே போயிருந்த என் நாற்காலி மேல் டைரக்டரின் பார்வை விழுந்தது.

என்னுடையது என் இடுப்புக்கும் தொடைக்கும் அளவெடுத்துச் செய்தது. ஒரு கையால் தூக்கலாம். முதுகு தாழ்வாக இருக்கும், பின்னால் தள்ளுவதற்குக் கைப்பிடியே கிடையாது. இருந்தால் போகிற வருகிறவனெல்லாம் என்னைக் கேட்காமல் தள்ளுகிறான் என்று கழற்றி எறிந்துவிட்டேன்.

"ஒரு மணி நேரம் குடுங்க சிஸ்டர். நீங்க எப்படியும் எடிட் பண்ணிட்டு உக்காந்துதான இருப்பீங்க?"

கொடுத்தேன். அது என் புத்தி கெட்டதனம். கார்டில் தனியாக வரப்போகும் பெயர் கண்ணை மறைத்தது. மேலே என் அறைக்கு வந்து ஆபீஸ் சுழல் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தேன், என் கால்களை அவர்கள் என் கண் முன்னாலேயே உருட்டிக்கொண்டு போனார்கள். அப்போது மணி பதினொன்று.

உணர்வில்லாத உடம்பு எதையும் ஞாபகப்படுத்தாது, கடிகாரம்தான் ஞாபகப்படுத்த வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். இல்லாவிட்டால் புண் வரும், வந்தால் மாதக்கணக்கில் குப்புறப் படுக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்குப் போயாக வேண்டும். என் நாற்காலியில் பிரேக் உண்டு, ஊன்றினால் நிற்கும். சுழல் நாற்காலியில் ஊன்றினால் அது நழுவி ஓடும். கழிப்பறை வராந்தாவின் அந்தக் கோடியில், நடுவே இரண்டு வாசல்படி மேடு.

பன்னிரண்டுக்கு போன் செய்தேன். உதவி இயக்குநர், "ஒரே ஒரு ஷாட் அக்கா" என்றான். ஒன்றுக்குச் செய்தேன். "சாப்பாட்டு பிரேக் அக்கா." இரண்டுக்குச் செய்தபோது போன் எடுக்கவில்லை. கதவைப் பார்த்துக் கத்தினேன். யாரோ வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றுக்கு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். பணிமனை உடுப்போடு, கையில் கிரீஸோடு வந்தார். நேராக செட்டுக்குள் போய், தான் டைரக்டரின் அபிமான ரசிகர் என்பதையெல்லாம் மறந்து, நடிகையிடம் "எந்திரிம்மா" என்றார். அந்தப் பெண் பதறி எழுந்து நின்றது. அந்தப் படத்தில் அன்பால் யாராவது எழுந்து நின்றார்கள் என்றால் அது அந்த ஒரு முறைதான்.

ஊனமுற்றவர்களின் கண்ணியத்துக்காகப் படம் எடுக்கிறவர்கள், அதற்காக ஊனமுற்றவளின் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இங்கே ஓநாய் ஆட்டின் தோலையும் இரவல் வாங்கிக்கொண்டது. எனக்கு அவமானமாக இருந்தது. வீட்டுக்குப் போய் அழுதேன், உண்மையாகவே அழுதேன், கேமரா இல்லாமல். அடுத்த நாளே டைரக்டர் என் நாற்காலி போலவே ஒன்றை வெளியிலிருந்து வரவழைத்தார். முதல் நாளே வரவழைத்திருக்கலாம், அவ்வளவு சுலபமாகக் கிடைத்தது.

படம் முழுவதும் எடுத்து முடித்து எல்லாம் என் மேஜைக்கு வந்தது. போட்டுப் பார்த்தேன்.

கேமரா எப்போதும் மேலே இருந்தது. நின்றுகொண்டிருக்கிறவன் கண்ணிலிருந்து அவளைக் குனிந்து பார்த்தபடி. அவள் கண்ணிலிருந்து உலகம் எப்படி என்று ஒரு ஷாட் இல்லை. மற்றவர்கள் அவளைப் பற்றிப் பேசும்போது அவள் அங்கேயே இருக்கிறாள், ஆனால் யாரும் அவளிடம் பேசுவதில்லை. டாக்டர் அம்மாவிடம் பேசுகிறார், அம்மா மாப்பிள்ளையிடம் பேசுகிறாள், மாப்பிள்ளை ஜன்னலிடம் பேசுகிறான். அவள் கை எப்போதும் மடியில். வாசல் வந்தால் யாரோ தள்ளுகிறார்கள். அவளுடைய பழைய செருப்புக்கு மட்டும் மூன்று க்ளோசப். பத்து நிமிட ஆஸ்பத்திரிக் காட்சியில் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். அவள் முகம் ஒரு நிமிடம் பத்து விநாடி. அவளைப் பார்த்து அழும் முகங்கள் ஆறு நிமிடம். நாம் அழவேண்டியது எப்படி என்று நமக்கு நடித்துக் காட்ட ஆள் வைத்திருந்தார்கள். விபத்து அவளுக்கு, கதை மற்றவர்களுடையது.

இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். சொன்னபடி வெட்டினால் என் பெயர் வரும், இந்தக் குப்பையின் மேல் வரும். வெட்ட மறுத்தால் பெரிய எடிட்டர் ஏசியைக் கூட்டச் சொல்லிக்கொண்டு வந்துவிடுவார். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

வழியைக் காட்டியது ஒரு பழைய பழக்கம். எடிட்டருக்கு வரும் ஒவ்வொரு துண்டிலும் 'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முன்னால் கொஞ்சம், 'கட்' சொன்ன பிறகு கொஞ்சம் ஓடியிருக்கும். கேமராக்காரர் முன்கூட்டியே முடுக்குவார், தாமதமாக நிறுத்துவார். அதையெல்லாம் நறுக்கித் தள்ளுவதுதான் எங்கள் முதல் வேலை. நான் அந்தக் கழிவை மட்டும் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன்.

அங்கே ஒரு மனுஷி இருந்தாள்.

'ஆக்‌ஷன்' என்றதும் நடிகை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு துணிமூட்டை போல ஆகிவிடுவாள். 'கட்' என்றதும் உயிர் வரும். நாற்காலியைத் திருப்பப் பார்ப்பாள், கதவு நிலையில் இடிப்பாள், "ச்சே" என்பாள், பின்வாங்கி மறுபடி வருவாள். ஒரு சக்கரத்தைப் பிடித்து மறு சக்கரத்தைத் தள்ளினால் இருந்த இடத்திலேயே சுற்றலாம் என்று மூன்றாம் நாள் தானாகக் கண்டுபிடித்துவிட்டாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த பெருமையை வசனம் எழுதி வாங்க முடியாது. தண்ணீர் கேட்டாள். மாப்பிள்ளையாக நடித்தவனைத் திட்டினாள். இடைவேளையில் பென்சிலை எடுத்து உதவி இயக்குநரின் படத்தைத் தாளில் கிறுக்கிப் பல் நீட்டிவிட்டாள். டிராயிங் டீச்சர் வரைகிற ஒரே காட்சி மொத்தப் படத்திலும் அதுதான், அதுவும் 'கட்' சொன்ன பிறகு.

அதை வைத்துத்தான் வெட்டினேன். அவளைப் பார்த்து அழுகிறவர்களை எல்லாம் தூக்கினேன். செருப்பு மூன்றையும் தூக்கினேன். நாற்காலி கம்பள ஓரத்தில் சிக்கும்போது கேமராக்காரர் கேமராவை ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டு மறந்த ஒரு நிமிடம் கிடைத்தது, அவள் உயரத்தில், அவள் பார்க்கிற உலகம். அதைப் பொன்னாகப் பொதிந்துகொண்டேன். பின்னணியில் அழும் வயலினை எடுத்துவிட்டு, சக்கரம் தரையில் உருளும் சத்தத்தை விட்டுவைத்தேன்.

மாப்பிள்ளை கைவிடும் காட்சிதான் முக்கியம். எழுதியபடி அவன், "என்ன மன்னிச்சிடு, என்னால முடியாது" என்பான். அவள் கண்ணீரோடு, "நீங்க எங்கிருந்தாலும் நல்லா இருக்கணும்" என்பாள். 'கட்' சொன்ன பிறகு, தண்ணீர் குடிக்கப் போக வேண்டிய நடிகைக்கு அவன் வழியை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். இவள் எரிச்சலோடு நிமிர்ந்து பார்த்துச் சொல்கிறாள். நான் அவனுடைய வசனத்துக்கு நேர் பின்னால் அதை ஒட்டினேன்.

"என்ன மன்னிச்சிடு. என்னால முடியாது."

"கொஞ்சம் நகருங்க. வண்டி திரும்பணும்."

அவன் நகர்கிறான். அவள் போகிறாள். அவ்வளவுதான் காட்சி.

கடைசியில் எழுந்து நிற்பதையும் தூக்கிவிட்டேன். அதற்குப் பதில் அவள் வெளியே போய், திரும்பி, கதவைத் தன் கையாலேயே சாத்துகிறாள். உட்கார்ந்தபடி வாசலைத் தாண்டி, கதவைத் தனக்குப் பின்னால் இழுத்துச் சாத்துவது சாமானிய வேலை இல்லை. உங்கள் வீட்டில் ஒருமுறை முயன்று பாருங்கள். நடிகை பதினைந்து தடவை முயன்று, எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு, பதினாறாவதில் சாத்திவிட்டு யாருமில்லாத வராந்தாவைப் பார்த்துச் சிரித்தாள். கேமரா தற்செயலாக ஓடிக்கொண்டிருந்தது. படம் அந்தச் சிரிப்பில் முடிந்தது.

டைரக்டர் வந்து பார்த்தார். பாதியிலேயே முகம் கறுத்துவிட்டது.

"என்ன சிஸ்டர் இது? நான் எடுத்த படமா?"

"ஒரு ஃபிரேம்கூட வெளியில இருந்து வாங்கல சார். எல்லாம் நீங்க எடுத்ததுதான்."

"நான் கட் சொன்னதுக்கு அப்புறம் வர்றதெல்லாம் நான் எடுத்ததா?"

அவர் கத்திக்கொண்டிருந்தபோது தயாரிப்பாளர் உள்ளே எட்டிப் பார்த்தார். எங்கள் முதலாளி, அதிகம் பேசமாட்டார். திரையில் 'கொஞ்சம் நகருங்க' ஓடியது. முதலாளி வெடித்துச் சிரித்துவிட்டார். உள்ளே வந்து, கதவு சாத்தும் வரைக்கும் நின்றே பார்த்தார். "இந்தப் பொண்ணு கில்லாடியா இருக்காளே" என்றார். எந்த நடிகையைப் பற்றியும் அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. முதலாளியே சொன்ன பிறகு டைரக்டர் கத்துவதை நிறுத்தினார். ஆனால் மனிதர் விடவில்லை.

"சரி சார், நடுவுல சிரிக்கட்டும். கடைசில அழணுமே? விருதுக்குழு எதப் பாத்து குடுக்கும்? அதுக்கும் ஒண்ணு வச்சிருக்கேன்" என்று ஒரு கோப்பைத் திறந்தார்.

அதில் இருந்தது நான்.

மேல்கோணத்தில் என் அறை. கதவிடுக்கு வழியாக எடுத்திருந்தார்கள். சுழல் நாற்காலியில் நான். அது நழுவுகிறது, மேஜையைப் பிடிக்கிறேன். கதவைப் பார்க்கிறேன். வாய் அசைகிறது. கை நடுங்குகிறது. மேலே புல்லாங்குழல், யாரோ ஏற்கெனவே சேர்த்திருந்தார்கள். முடிவில் எழுத்து: 'நிஜ நாயகிக்கு எங்கள் வணக்கம்.'

எட்டிப் பார்த்துவிட்டுப் போனது யார் என்று அப்போதுதான் புரிந்தது. உதவிக்கு வந்த முகம் என்று நினைத்தேனே, அது கேமராவோடு வந்த முகம்.

"என் கண்ணுலயே தண்ணி வந்துருச்சு சிஸ்டர்" என்றார் டைரக்டர். முதலாளியும் மூக்கை உறிஞ்சினார்.

நான் புல்லாங்குழலை அணைத்தேன். கீழே இருந்த அசல் ஒலியைத் திறந்தேன். அறை முழுக்க என் குரல் கேட்டது.

"யார்ரா அது கதவுகிட்ட? என் வண்டிய எடுத்துட்டு வாங்கடா! மூணு மணி நேரமாச்சு, நான் பாத்ரூம் போணும்! அந்த கர்ச்சீப்புகிட்ட சொல்லு, இன்னும் அஞ்சு நிமிஷத்துல வண்டி வரல, அந்தாளு எடுத்த மொத்தப் படத்தையும் அழிச்சிருவேன்! நிக்கறான் பாரு, மரம் மாதிரி!"

முதலாளி மூக்கு உறிஞ்சுவதை நிறுத்தினார். மறுபடி புல்லாங்குழலைப் போட்டேன், பாவப்பட்ட பெண். மறுபடி ஒலியைத் திறந்தேன், கோபப்பட்ட பெண். படம் அதேதான்.

"சத்தத்தோட போடுங்க சார், இப்பவே சம்மதம். சத்தமில்லாமன்னா கையெழுத்து இல்ல" என்றேன். திரையில் முகம் தெரியும் ஒவ்வொருவரிடமும் சம்மதக் கடிதம் வாங்காமல் சேனல் படத்தைத் தொடாது. அந்தக் கடிதங்களை அடுக்கி அனுப்புவதும் ஆறு வருடமாக நான்தான்.

டைரக்டர் என்னைக் கெஞ்சினார், முதலாளியைப் பார்த்தார். முதலாளி சுவரைப் பார்த்தார். கடைசியில் அந்தக் கோப்பை நானே அழித்தேன். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

மறுநாள் தலைப்பு எழுத்துகள் வந்தன. என் கார்டைத் தேடி ஓடினேன். தனியாகத்தான் இருந்தது. பெரிய எழுத்து. 'படத்தொகுப்பு', அதன் கீழே என் பெயர், பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'மாற்றுத்திறனாளி'.

டைரக்டருக்கு போன் செய்தேன்.

"உங்க முகத்த விட்டுட்டோமே சிஸ்டர், இந்த ஒரு வார்த்தையாவது இருக்கட்டும். பாக்கறவங்களுக்கு உங்க பெருமை தெரிய வேண்டாமா?"

"நான் வெட்டினது நல்லா இருந்தா பெருமை தெரியும் சார்."

"அது தெரிஞ்சாதான் நல்லா இருக்குன்னே தோணும்" என்றார். ஒன்றரை மணி நேரப் படத்திலிருந்து நான் துடைத்து எடுத்த பரிதாபத்தை, கடைசியில் என் பெயருக்கு மேலேயே கொட்டிவிட்டார். முதலாளியிடம் போனேன். "நல்ல வார்த்தைதானம்மா" என்றார்.

வார்த்தை நல்லதுதான். பஸ் பாஸிலும் சான்றிதழிலும் அது எனக்கு வேண்டும், அங்கே அதற்கு வேலை இருக்கிறது. இங்கே அதற்கு ஒரு வேலையும் இல்லை. 'பரவாயில்லையே, இந்த நிலைமையிலும்' என்று சொல்லவைப்பதைத் தவிர. ஆறு வருடம் காத்திருந்த பெயரை, இரக்கத்தில் தோய்த்துக் கொடுத்தால் எனக்கு அது வேண்டாம். ஆனால் எனக்கு அந்தப் பெயர் வேண்டும். அன்று மாலை வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பினேன். வீட்டுக்காரர் யோசித்துவிட்டு, "எனக்குந்தான் ஒரு காது மந்தம். பணிமனையில அத யாரும் என் பேரோட எழுதலியே" என்றார். நான் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். எதற்கென்று அவருக்குப் புரியவில்லை.

சேனலுக்குப் போட்டுக் காட்டும் நாள். சின்னத் திரையரங்கு, பத்துப் பேர். சேனல் தலைமை அதிகாரி ஒரு அம்மாள், சிரிக்காத முகம். முதலாளி, டைரக்டர், கேமராக்காரர், இசையமைப்பாளர், நடிகை. கடைசி வரிசையில் என் வீட்டுக்காரர். படத்தை ஓட்டுகிறவள் நான்.

'கொஞ்சம் நகருங்க' என்ற இடத்தில் அந்த அம்மாள் சிரித்தார். நடிகை தன்னையே அடையாளம் தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். கதவு சாத்தியபோது யாரோ கைதட்டினார்கள். என் வீட்டுக்காரர் மூக்கைச் சிந்தினார். அவரை மாற்ற முடியாது. பிறகு கார்டுகள் வந்தன.

முதலில் என்னுடையது. அடைப்புக்குறிக்குள் 'மாற்றுத்திறனாளி'. டைரக்டர் அந்த அம்மாளின் பக்கம் சாய்ந்து, "நம்ம எடிட்டர் மேடம்" என்று ஏதோ உருக்கமாக ஆரம்பித்தார்.

அடுத்து, 'ஒளிப்பதிவு', பெயர், அடைப்புக்குறிக்குள் 'கிட்டப்பார்வை, இரண்டு கண்ணும்'.

'இசை', பெயர், 'ரத்தக் கொதிப்பு'.

'தயாரிப்பு', முதலாளி பெயர், 'சர்க்கரை, மற்றும் மூலம்'.

'எழுத்து, இயக்கம்', டைரக்டர் பெயர், 'மேல்வரிசை முழுவதும் பல் செட்'.

முதலில் என் வீட்டுக்காரர் சிரித்தார். பிறகு நடிகை. டைரக்டர் எழுந்து திரைக்கு முன்னால் போய்க் கைகளை விரித்து நின்றார். அவர் பெயரும் பல் செட்டும் அவர் சட்டையின் மேல் விழுந்தன.

"நிறுத்துங்க! சிஸ்டர், நிறுத்துங்க!"

நிறுத்தினேன். அதே இடத்தில்.

"என்னம்மா இதெல்லாம்?" என்றார் முதலாளி. "இது ஊருக்குச் சொல்ற விஷயமா? நான் படம் எடுத்ததுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"இந்த நிலைமையிலும் எடுத்திருக்கீங்களே சார். பாக்கறவங்களுக்கு உங்க பெருமை தெரிய வேண்டாமா?"

முதலாளி திரும்பினார். என்னைப் பார்த்தார். ஆறு வருடத்தில் முதல் முறையாக நாற்காலியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். எனக்கு வேலை போகும் என்று தெரியும்.

சேனல் அம்மாள் தொண்டையைச் செருமினார். "படத்த நாங்க எடுத்துக்கறோம். அடைப்புக்குறி எல்லாத்தையும் எடுத்துருங்க" என்றார். பிறகு டைரக்டரைப் பார்த்து, "எல்லாத்தையும்" என்றார்.

அங்கேயே கணினியைத் திறந்தேன். முதலில் என் கார்டு. அந்த வார்த்தையை அழித்தேன். திரையில் 'படத்தொகுப்பு' என்று இருந்தது, அதன் கீழே என் பெயர் இருந்தது, வேறு எதுவும் இல்லை. நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டைரக்டர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். "சிஸ்டர், அடுத்து என்னோடத எடுத்துருங்க" என்றார் மெதுவாக.

"வரேன் சார்" என்றேன். எனக்கு அவசரமில்லை.